கணக்கில் ஏறிய தண்ணீர்

தாஜுன்னிசாவின் பிழைப்பே காற்றை நனைப்பதுதான். நூற்பு மில்லுக்குள் காற்று காய்ந்துபோனால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதற்காக ஒரு பெரிய அறையில் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்து, காற்றை அதன் வழியாக இழுத்து, ஈரமாக்கி உள்ளே அனுப்புவார்கள். மில்லில் அந்த அறைக்கு ‘பிளான்ட்’ என்றுதான் பெயர். கோயம்புத்தூரைச் சுற்றி எந்த மில்லுக்குள் போய்க் கேட்டாலும், பிளான்ட் தாஜு மேடம் என்றால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். உக்கடத்துப் பெண் ஒருத்தி மெக்கானிக்கல் படித்து, தலையில் முக்காடும் அதன்மேல் ஹெல்மெட்டுமாக மில் மில்லாக ஏறி இறங்கி இருபது வருஷம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் வாய்விட்டுச் சிரித்தவர்கள் எல்லாம் பிறகு வாய்விட்டு யோசனை கேட்டார்கள்.

அப்புறம் மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பஞ்சு விலை, கரண்ட் பில், ஆள் கிடைக்காத பாடு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தாஜுவின் சிங்காநல்லூர் ஆபீஸில் போன் அடிப்பது குறைந்தது. ஷட்டரை இழுத்து மூடிவிடலாமா என்று அவளும் கணவன் ஷாஹுலும் பேசிக்கொண்டிருந்த நாளில்தான் மோகனப்பிரியா வந்து சேர்ந்தாள்.

மோகனப்பிரியா பல்லடம் ரோட்டில் ஒரு மில் முதலாளியின் மகள். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவள். மூடிக் கிடந்த அப்பாவின் மில் ஷெட்டில் ஆயிரம் ஜிபியூ சிப்புகளை வைத்து, தமிழ் பேசும் ஒரு பெரிய ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கப் போவதாகச் சொன்னாள். பார்த்த அன்றைக்கே ‘தாஜுக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அப்படிக் கூப்பிடுகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது தாஜுவுக்குத் தெரியாததல்ல. ஆனால் வேலை இல்லாத காலத்தில் அக்கா என்று யார் கூப்பிட்டாலும் இனிக்கத்தான் செய்கிறது.

“எவ்வளவு கரண்ட் இழுக்கும், எவ்வளவு தண்ணி குடிக்கும்னு ஒரு ரஃப் எஸ்டிமேட் வேணுங்க்கா. தண்ணிக்கு அனுமதி வாங்கறதுக்கு அதைத்தான் கேக்கறாங்க.”

“மாடல் எத்தாப் பெருசுங்க?”

“எழுபது பில்லியன் பாராமீட்டர். அஞ்சு டிரில்லியன் டோக்கன்ல டிரெய்ன் பண்றோம். பாராமீட்டர்னா மாடலுக்குள்ள இருக்கற ஒரு எண்ணு, டோக்கன்னா சொல்லுல ஒரு துண்டுன்னு வெச்சுக்குங்க.”

அவள் முதலில் வந்துபோன நாளிலிருந்து தாஜு இதற்காகவே ஒரு மாதம் உட்கார்ந்து படித்திருந்தாள். ஒரு டோக்கனுக்கு, ஒரு பாராமீட்டருக்கு, சுமாராக ஆறு கணக்கு போட வேண்டும் என்பது பயிற்சிக்கான கைக்கணக்கு. பாராமீட்டரையும் டோக்கனையும் பெருக்கி, அதை ஆறால் பெருக்கினால் மொத்த வேலை தெரிந்துவிடும். ஒரு சிப் நொடிக்கு இத்தனை போடும் என்று கம்பெனிக்காரன் அச்சடித்திருப்பதில் நாற்பது சதம் நிஜமாகத் தேறும். வகுத்துப் பார்த்தாள். ஆயிரம் சிப்பும் ராப்பகலாக ஓடினால் ஏறக்குறைய இரண்டு மாதம்.

பிறகு கரண்ட். சிப் ஒன்று எழுநூறு வாட். அதைத் தாங்கும் சர்வர், மெமரி, ஃபேன், நெட்வொர்க் எல்லாம் சேர்த்தால் சிப்புக்கு ஆயிரத்து முந்நூறு வாட். ஆயிரம் சிப்புக்கு ஒன்று புள்ளி மூன்று மெகாவாட். குளிரூட்டவும் மற்றதற்கும் அதன்மேல் நாற்பது சதம் போட்டால் ஒன்று புள்ளி எட்டு. ஒரு நாளைக்கு நாற்பத்து மூவாயிரம் யூனிட், இரண்டு மாதத்துக்கு இருபத்தாறு லட்சம் யூனிட். இருபது சதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று கீழே எழுதினாள். ரஃப் எஸ்டிமேட் என்றால் அதுதான். அந்த வரியை எழுதாமல் கணக்குக் கொடுக்கிறவனை அவள் நம்பமாட்டாள்.

தண்ணீர்தான் அவளுடைய சொந்த ஊர். கம்பிக்குள் போகிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைக் கூலிங் டவரில் தண்ணீரை ஆவியாக்கித் தள்ள வேண்டும். ஒரு யூனிட் சூட்டுக்கு ஒன்றரை லிட்டர் ஆவி. தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் மிஷினின் சூட்டையும் சேர்த்தால் டவர் தள்ள வேண்டியது ஒன்றரை மெகாவாட்; மீதி வெளிக்காற்றோடு போய்விடும். ஆக ஒரு நாளைக்கு ஐம்பத்து நாலாயிரம் லிட்டர் ஆகாயத்துக்குப் போய்விடும்.

அதோடு முடிந்துவிடாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. டவர் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போய்க் குழாயில் பாறையாகப் படியும். அதனால் தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை அவ்வப்போது திறந்துவிட்டு நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊரில் ஐந்து மடங்கு உப்பு ஏறும்வரை விடலாம். பல்லடம் பக்கத்து போர்வெல் தண்ணீரோ சோப்புப் போட்டால் நுரைகூட வராத ஜாதி. இரண்டு மடங்குக்கு மேல் தாங்காது. அப்படியென்றால் ஆவியாகிற அளவுக்குச் சமமாகக் கழிவிலும் போகும். மொத்தம் ஒரு லட்சத்து எட்டாயிரம் லிட்டர். ஒன்பது டேங்கர் லாரி, தினமும்.

மோகனப்பிரியாவின் முகம் வாடியது. “இவ்வளவுங்களா?”

“மில்லு ஓடறப்ப எவ்வளவு எடுத்தீங்க?”

கூட உட்கார்ந்திருந்த பழைய மில்லின் மேனேஜர் தனபால், இப்போது இந்தப் புதுக் கம்பெனிக்கும் அவர்தான் மேனேஜர், சட்டென்று சொன்னார். “பிளான்ட்டுக்குத் தினம் ஒன்னே கால் லச்சத்துக்குக் கொஞ்சம் கம்மிங்க மேடம். ஒன்னு இருவதுன்னு வெச்சுக்குங்க. போர் மீட்டர்ல அதாங்க ஓடும். போரும் அதுக்கு மேல தராது.”

தாஜுவின் பேனா அங்கே நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும். ‘மில் எடுத்துவந்த நீரைவிடப் பன்னிரண்டாயிரம் லிட்டர் குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மோகனப்பிரியா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அனுமதி வந்தது. சில மாதம் கழித்து அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில் மாடலுக்குத் தொடக்க விழா நடந்தது. தாஜுவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் மோகனப்பிரியா பேசினாள்: “எங்க மாடல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை ஸ்பூன் தண்ணிகூட ஆகறதில்லை. மில் எடுத்ததைவிட ஒரு சொட்டு அதிகமா எடுக்கறதில்லை.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அரை ஸ்பூன் கணக்கும் தாஜு கொடுத்ததுதான். ஒரு பதிலுக்கு அரை வாட்-அவர், அதைக் குளிர்விக்க இரண்டு மில்லிக்குள் தண்ணீர். தப்பே இல்லை. ஆனால் நாளைக்கு ஆறு கோடி பதில் சொன்னால் அதே அரை ஸ்பூன் ஒன்பது லாரி ஆகிவிடும் என்பதையும் அவள் அதே பக்கத்தில் எழுதியிருந்தாள். ஆறு கோடிக் கேள்வியை யார் கேட்கப் போகிறார்கள் என்றால், யாரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மாதப் பயிற்சி முடிந்ததும் சிப்புகளைச் சும்மா விடுவார்களா? மீதி நேரத்தை வேறு கம்பெனிகளின் பயிற்சிக்கு வாடகைக்கு விட்டார்கள். மில்லுக்காவது தீபாவளி லீவு உண்டு. இதற்கு அதுவும் இல்லை. மேடையில் வகுத்துச் சொன்னார்கள், பெருக்கிச் சொல்லவில்லை. அது பொய் இல்லை என்பதுதான் தாஜுவுக்கு எரிச்சலாக இருந்தது.

சித்திரை வெயிலில் கூலிங் டவரைப் பரிசோதிக்கப் போனாள். ஷெட்டுக்குப் பின்னால், டவரிலிருந்து உப்புத் தண்ணீர் திறந்துவிடும் சாக்கடை ஓரத்தில் நாலைந்து பெண்கள் குடத்தோடு குந்தியிருந்தார்கள். ஒருத்தி துணியே அலசிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, அதைத் தொடாதீங்க! பாசி புடிக்காம இருக்க மருந்து கலந்த தண்ணிங்க அது!”

துணி அலசியவள் நிமிர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பெயர் சாந்தாமணி. மில்லில் இருபத்தைந்து வருஷம் நூல் சுற்றும் கோன் மிஷின் ஓட்டியவள். மில் வாசலுக்கு எதிரே தொழிலாளிகளுக்காகக் கட்டிய அறுபது லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். மில் மூடினாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை, பழைய முதலாளி.

“வேற எங்கீங்க அம்மணி போறது? காலையில ரெண்டு மணி நேரம் குழாயில ஜோரா வரும். இந்தப் பொட்டி மிஷினு ஓட ஆரம்பிச்சதுல இருந்து சொட்டுதுங்க. ஊட்டுக்குப் பத்துக் கொடம் தேறறதில்லீங்க. வெயிலு வேற இப்படி.”

“உங்க குழாய்க்கு எங்கிருந்து தண்ணி வருது?”

“மில்லுல இருந்துதானுங்க! எங்க மாமியா காலத்துல இருந்து மில்லுத் தண்ணிதானுங்க.”

தாஜு ஓட்டமும் நடையுமாக போர் பக்கம் போனாள். போரிலிருந்து வரும் குழாயில் மீட்டர். மீட்டரைத் தாண்டிப் பத்தடியில் ஒரு கிளை பிரிந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போயிற்று. புதிதாக வைத்த தானியங்கி வால்வு டவர் தொட்டியை முதலில் நிரப்பிவிட்டு, மிச்சம் இருந்தால்தான் அந்தக் கிளைக்கு விட்டது.

இது அவளுக்குத் தெரியாததா? எந்த மில்லில் இல்லை இது? லைன் வீட்டுக்குப் போகிற தண்ணீருக்கு எந்த மில்லும் தனி மீட்டர் வைத்ததில்லை. கேட்டால் வரி வரும், கேள்வி வரும் என்று எல்லாவற்றையும் ‘பிளான்ட் தண்ணி’ என்றே சொல்லிவிடுவார்கள். தனபால் பொய் சொல்லவில்லை. மில்காரர் பேசுகிறபடி பேசினார். அவளும் மில்காரியாகவே கேட்டுக்கொண்டாள். வெளியூர்க்காரன் எவனாவது வந்திருந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்து பார்த்திருப்பான். இருபது வருஷம் பழகிய காது, பிளான்ட் என்ற வார்த்தை விழுந்ததும் திருப்தியாகிவிட்டது. சீ என்று இருந்தது அவளுக்கு.

அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். அறுபது வீடு, வீட்டுக்கு நாலைந்து பேர், ஆளுக்கு நூற்றைம்பது லிட்டருக்குள். நாற்பதாயிரம். அப்படியென்றால் மில் நிஜமாகக் குடித்தது எண்பதாயிரம்தான். இப்போது சிப்புகள் குடிப்பது ஒரு லட்சத்து எட்டாயிரம். பன்னிரண்டாயிரம் குறைவு என்று கையெழுத்துப் போட்டது இருபத்தெட்டாயிரம் அதிகம் ஆகிவிட்டது. போர் தருவதோ ஒன்று இருபது. பற்றாத இருபத்தெட்டாயிரமும் சாந்தாமணியின் தெருவில் வந்து விடிந்திருக்கிறது.

வழி இருந்தது. அதையும் அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டாள். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்டனர் ஒன்று வைத்தால், டவரில் இரண்டு மடங்குக்குப் பதில் நாலு மடங்கு உப்புவரை ஓட்டலாம். ஆவி அதே ஐம்பத்து நாலாயிரம். கழிவு பதினெட்டாயிரமாகச் சுருங்கும். சாஃப்டனரைக் கழுவுகிற தண்ணீரையும் சேர்த்து எழுபத்தைந்தாயிரத்தில் முடியும். லைன் வீட்டு நாற்பதையும் சேர்த்தால் ஒன்று பதினைந்து. போருக்குள் அடங்கிவிடும். யாருக்கும் குறையில்லை.

திரும்பி வந்தபோது சாந்தாமணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“தப்பு எங்கிட்டயும் இருக்குதுங்க. உங்க தண்ணியைக் கணக்குல காட்டாம உட்டுட்டேன். இந்த வாரமே மாத்தி எழுதிக் குடுத்துடறேன்.”

“நீங்க எழுதுனா தண்ணி வந்துருமுங்களா அம்மணி?”

“எழுதிட்டா அவங்க மறைக்க முடியாதுங்க. வந்துரும்.”

அந்த வார்த்தையை அவள் மனசார நம்பித்தான் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஷாஹுலிடம் சொன்னாள். அவன், “முத எஸ்டிமேட் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா, அப்புறம் எவன் நம்ம ஆபீஸ் படியேறுவான்?” என்று கேட்டான். அது நியாயமான பயம்தான். ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எழுதினாள். லைன் வீட்டுக் கிளைக்குத் தனி மீட்டர் வைக்கச் சொன்னாள். லைன் வீடுகள் நாற்பதாயிரம் என்று தனி வரி போட்டாள். சாஃப்டனருக்குப் படம்கூட வரைந்து வைத்தாள். முதல் கணக்கு தவறு, தவறு என்னுடையது என்று எழுதி, அதன் கீழும் கையெழுத்துப் போட்டாள்.

மோகனப்பிரியா கோபப்படுவாள் என்று நினைத்துப் போனாள். அவளோ பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுக் கண் கலங்கினாள். “தாஜுக்கா, இப்படி ஒருத்தர் இந்தக் காலத்துல உண்டுங்களா? தன் தப்பைத் தானே எழுதித் தர்றவங்க? நல்ல வேளை சொன்னீங்க. இதை நான் சரி பண்றேன்.”

தாஜு வரும் வழியில் உக்கடத்தில் வண்டியை நிறுத்தி ஒரு கிலோ மைசூர்பா வாங்கினாள். ஷாஹுல் வாயில் ஒரு துண்டைத் திணித்தபோது, இத்தனை வருஷத்தில் பார்த்த வேலையிலெல்லாம் இதுதான் வேலை என்று தோன்றியது அவளுக்கு.

மறுபடி அந்தப் பக்கம் போக மூன்று வாரம் ஆகிவிட்டது. லைன் வீட்டுக் கிளையில் புது மீட்டர் மின்னியது. அவள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே. அதற்கு அடுத்தபடி மூடிய ஒரு வால்வு, அதில் ஒரு பூட்டு. சாஃப்டனருக்காக அவள் குறித்த இடத்தில் சிமெண்ட் மேடைகூட இல்லை. அங்கே புதிதாக ஒரு கூலிங் டவருக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நூறு சிப் வருகிறதாம்.

தனபால் எதிரே வந்தார். மனுஷர் சந்தோஷமாகவே இருந்தார்.

“என்னங்க இது பூட்டு?”

“நீங்க குடுத்த பேப்பரைத்தான் மேடம் போர்டு மீட்டிங்ல வெச்சாங்க. இத்தனை வருசமா நாப்பதாயிரம் லிட்டரு வெளிய போய்ட்டு இருந்தது ஒருத்தருக்கும் தெரியலீங்க பாருங்க. வெளியாளுங்க பயன்பாடுன்னு நீங்க தனியா பிரிச்சுக் காட்டினதுக்கு அப்புறம்தானுங்க தெரிஞ்சுது. அதை நிறுத்திப்போட்டா சாஃப்டனரே வேண்டாம், இன்னும் கொஞ்சம் சிப்பும் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிப்போட்டாங்க.”

“வெளியாளுங்கன்னு நான் எங்கீங்க எழுதினேன்? லைன் வீடுன்னுதானே எழுதினேன்?”

“ரெண்டும் ஒன்னுதானுங்களே மேடம். கம்பெனி ஆளுங்க இல்லீங்களே இப்ப அவங்க.” சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தார். “நானும் சொல்லிப் பார்த்தேனுங்க. பிளான்ட் தண்ணியோட தண்ணியா கெடந்தப்ப யாரும் தொடலைங்க. தனி வரியா வந்துருச்சுங்களே, அடிக்கறதுக்கு வாகாப் போச்சு.”

தாஜு அங்கேயே நின்று மோகனப்பிரியாவுக்கு போன் போட்டாள். எடுத்த உடனே அதே குரல், அதே பாசம். “தாஜுக்கா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். லைன் வீட்டுக்காரங்களுக்குப் பஞ்சாயத்துல கனெக்‌ஷன் கேட்டு லெட்டர் குடுத்துட்டோம். முறைப்படி போகட்டும்னுதான். இப்ப நாங்க எடுக்கறது ஒன்னு எட்டு, பழைய மீட்டர் ஒன்னு இருபது. உங்க முத கணக்கு கடைசியில கரெக்ட் ஆயிடுச்சு பாருங்க!”

அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே ஆறுதல் சொன்னாள். ஒரு கணக்கு தப்பாகிவிட்டால், அது சரியாக வரும்படி ஊரையே திருத்திவிடலாம் என்று அவளுக்கு எங்கேயோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தாஜு போனை அணைத்தாள். மனசில் பாதி கோபம், பாதி வெட்கம்.

லைன் வீட்டுப் பக்கம் போகாமல் காரில் ஏறிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். கார் கதவைத் திறந்தும் விட்டாள். பிறகு சாத்திவிட்டு, ரோட்டைக் கடந்து போனாள்.

தெருமுனையில் டேங்கர் லாரி நின்றது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று காசு கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாந்தாமணி இவளைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். முகத்தில் நம்பிக்கை இருந்தது. அதுதான் தாஜுவுக்குத் தாங்கவில்லை.

“வாங்க அம்மணி. நீங்க வருவீங்கன்னு இவளுங்ககிட்டச் சொல்லிட்டேதான் இருந்தேன். சுத்தமா நிறுத்திப்போட்டாங்க. நீங்க எழுதித் தர்றேன்னு சொன்னீங்களே, அதை அவங்க மறைச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது. எழுதினீங்களா இல்லீங்களா?”

“எழுதினேனுங்க.”

“அப்புறமும் எப்படீங்க நிறுத்துவாங்க?”

மறைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். சாந்தாமணி நம்புவாள். பெரிய இடம், மறைத்துவிட்டார்கள், நான் என்ன செய்வேன் என்றால் தெருவே நம்பும். இவளுக்கும் ஒரு டம்ளர் மோர் கிடைக்கும்.

“எழுதினதுனாலதாங்க்கா நின்னுச்சு. உங்களுக்கு எவ்வளவு போகுதுன்னு அதுக்கு முன்னால அவங்களுக்கே தெரியாது. நான்தான் கண்டுபுடிச்சுக் குடுத்தேன்.”

பின்னால் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. யாரோ சாந்தாமணியின் பெயரைச் சொல்லி, உன் முறை போகப்போகிறது என்று கத்தினார்கள். அவள் திட்டியிருந்தால் தாஜு வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் திட்டவில்லை. அந்தப் பக்கத்து மரியாதை அவள் வாயில் அப்போதும் குறையவில்லை.

“நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க அம்மணி,” என்றாள். “ஆனா இனிமே எங்களைப் பத்தி ஒன்னும் எழுதாதீங்க.”

குடத்தை எடுத்துக்கொண்டு லாரி வரிசையில் போய் நின்றுகொண்டாள்.